ஆறு தனித்தாள்கள் இரண்டாகக் குறைந்த ஒரு அறிவியல் பாடம்

போன வருஷம் ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் பாடத்துக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து 6 விதமான தாள் தயார் செய்தேன். பார்வை குறைந்த ஒரு பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் ஒன்று. இன்னும் சரளமாக வாசிக்க வராத நாலு பேருக்கு வரிகளைக் குறைத்து ஒன்று. காதுக்கருவி போட்டிருக்கும் பையனுக்கு, நான் வாயால் சொல்லப்போவதை எல்லாம் எழுதி ஒன்று. செங்கல் சூளை வேலைக்காக வடக்கே இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தியில் வார்த்தைப் பட்டியல் ஒன்று. மூளை முடக்குவாதத்தால் கை சொன்னபடி கேட்காத பையனுக்கு எழுத வேண்டாமல் டிக் மட்டும் அடிக்கிற மாதிரி ஒன்று. ஓர் இடத்தில் அஞ்சு நிமிஷம் உட்கார முடியாத பையனுக்குத் தனி வேலைத்தாள் ஒன்று.

மறுநாள் வகுப்பில் நடந்தது என்னவென்றால், வரி குறைத்த தாள் வாங்கிய பையன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் சின்னப் பிள்ளைக தாளு?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தேன். தாள் எதுவும் வாங்காத பிள்ளைகளிலேயே ஏழெட்டுப் பேருக்குப் பாடம் புரியவில்லை. அவர்களுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது, எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது, அதனால் நானும் அவர்களுக்காக எதுவும் யோசித்திருக்கவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் அக்கா அந்த ஆறு தாளையும் வாங்கி மேசையில் வரிசையாகப் பரப்பினார்கள். "தாளை மாத்துறதுக்கு முன்னால பாடத்தை மாத்திப் பாருங்களேன் டீச்சர்" என்றார்கள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றும், யூனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங், சுருக்கமாக யுடிஎல் என்றும் சொன்னார்கள். தமிழில் வேண்டுமானால் "அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு" என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த யோசனை முதலில் கட்டடக் கலையில் பிறந்தது. அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்ற கட்டடக் கலைஞர், சிறு வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், "யூனிவர்சல் டிசைன்" என்ற பெயரைக் கொண்டுவந்தார். கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு ஊனமுற்றவருக்கென்று பின்பக்கம் ஒரு தனி வழி ஒட்டவைப்பதைவிட, வரைபடம் போடும்போதே எல்லாரும் நுழையும்படி வாசலை வைத்துவிடலாம் என்பதுதான் அவர் சொன்னது. எங்கள் பள்ளிச் சாய்தளத்தையே பாருங்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டியது. ஆனால் தினமும் அதில் ஏறுவது சத்துணவு அரிசி மூட்டையும் சைக்கிளும், தேர்தல் வந்தால் ஓட்டுப் போட வரும் ஆச்சிகளும். 1984-ல் மாசசூசெட்ஸில் ஆரம்பித்த காஸ்ட் என்ற அமைப்பு இதே யோசனையைப் பாடத்துக்குள் கொண்டுவந்தது. முதலில் அவர்களும், ஊனமுள்ள பிள்ளைகள் புத்தகம் வாசிக்கக் கணினி எப்படி உதவும் என்றுதான் பார்த்தார்கள். போகப் போக, பிள்ளையைப் பாடத்துக்குத் தகுந்தபடி ஆக்குவதைவிடப் பாடத்திலேயே இருக்கும் தடையை எடுப்பது நல்லது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2008-ல் வழிகாட்டுதல்களாக எழுதினார்கள், 2024-ல் மூன்றாம் பதிப்பு வந்தது.

அதில் பெரிய தலைப்புகள் மூன்றே மூன்றுதான். பிள்ளை ஏன் இதில் இறங்க வேண்டும் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி, விஷயம் பிள்ளைக்குப் போய்ச் சேர ஒன்றுக்கு மேற்பட்ட வழி, தெரிந்ததைப் பிள்ளை வெளிக்காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி. இதற்குக் கீழே நிறைய உட்பிரிவுகள் உண்டு. முதல் பாடத்துக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தப் பட்டியலைப் பார்த்தே நிறையப் பேர் இதை ஆரம்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பாடத்தின் குறிக்கோளைத் தனியே பிரித்து எடுப்பது. போன வருஷம் என் பாடக்குறிப்பில் நான் எழுதியிருந்த குறிக்கோள் இது: "மாணவர்கள் பிரித்தல் முறைகளைப் படித்து, வரையறைகளை எழுதுவர்." இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். படிப்பதும் எழுதுவதும் குறிக்கோளுக்கு உள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கின்றன. வாசிக்கத் தெரியாத பையனும், கை நடுங்கும் பையனும், தமிழ் எழுத்து இன்னும் வராத சூளைப் பிள்ளையும் அந்த ஒற்றை வாக்கியத்திலேயே வெளியே போய்விட்டார்கள். அப்புறம் அவர்களை உள்ளே கொண்டுவரத்தான் எனக்கு அத்தனை தாள் தேவைப்பட்டது.

இந்தப் பாடத்தில் அறிவியல் எங்கே இருக்கிறது? கலவையில் உள்ள பொருள்கள் ஒன்றுக்கொன்று எந்தப் பண்பில் வேறுபடுகின்றன என்று கண்டுபிடிப்பதிலும், அந்த வேறுபாட்டை வைத்து அவற்றைப் பிரிப்பதிலும்தான். எனவே இந்த வருஷம் குறிக்கோளை இப்படி மாற்றினேன்: "ஒரு கலவையைக் கொடுத்தால், எதை எந்தப் பண்பை வைத்துப் பிரிக்கலாம், எதை முதலில் பிரிக்க வேண்டும், ஏன் என்று காட்டுவர்." எழுதுவர் என்பது காட்டுவர் ஆகிவிட்டது. ஆனால் "ஏன்" என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுதான். குறிக்கோள் இறுக்கம், வழி தளர்வு என்று இதை மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து அந்தப் பழைய ஆறு தாளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேட்டோம். இந்த உதவி இன்னொரு பிள்ளைக்கும் பயன்படுமா? பயன்படும் என்றால் அதைத் தனித்தாளில் இருந்து எடுத்துப் பாடத்துக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் என்றால் அது தனியாகவே இருக்கட்டும். பெரிய எழுத்து? கடைசி வரிசைக்கும் பயன்படும். சொல்லப்போவதை எழுதிவைப்பது? நான் சொன்னதைப் பாதியில் மறக்கும் எல்லாருக்கும் பயன்படும். வார்த்தைப் பட்டியல்? படத்தோடு இருந்தால் வாசிக்க வராதவனுக்கும் பயன்படும். எழுதாமல் பதில் சொல்வது? எழுத வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்த ஏழெட்டுப் பேருக்கும் பயன்படும். நடமாட்டமுள்ள வேலை? ஆறாம் வகுப்பில் யாருக்குத்தான் பயன்படாது.

சரி, பாடத்துக்கு வருவோம். ஐந்து ஐந்து பேராகக் குழு, 27 பிள்ளைகள் என்பதால் இரண்டு குழுவில் மட்டும் ஆறு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அகலமான சட்டி. சட்டிக்குள் அரை டம்ளர் ஆற்று மணல், இரண்டு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் அரத்தூள், ஒரு கைப்பிடி உமி, எல்லாம் கலந்து. நாலு பொருள், நாலு பண்பு. அரத்தூள் என்பது பட்டறையில் இரும்பை அரத்தால் ராவும்போது விழும் தூள். லேத்தில் சுருள் சுருளாக விழுவதை வாங்கிவிடாதீர்கள், அது கையைக் கிழிக்கும், தொட்டுப் பார்த்துப் படிக்கும் பிள்ளை இருக்கும் வகுப்பில் அது கூடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்பு போட்டு அலசி உடனே வெயிலில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மணலோடு கட்டிக்கொள்ளும். காந்தத்துக்கு, பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும்.

முதலில் ஆர்வத்தைப் பற்றி. போன வருஷம் "கலவை என்றால் என்ன" என்று கரும்பலகையில் எழுதித்தான் ஆரம்பித்தேன். இந்த வருஷம் மேசையில் மூன்று பொருளை வைத்தேன்: ஒரு சுளகு, ஒரு பன்னாடை, மழைக்குப் பிறகு தாமிரபரணியில் பிடித்த செங்கலங்கல் தண்ணீர் ஒரு பாட்டில். இதில் உங்கள் வீட்டில் எதைப் பார்த்திருக்கிறீர்கள், அது எதை எதிலிருந்து பிரிக்கிறது என்று கேட்டேன். வயல் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் சுளகை எடுத்தார்கள். திசையன்விளைப் பக்கம் தாத்தா பனையேறி என்று ஒரு பிள்ளை பன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு, பதநீரை வடிகட்டுவதற்கு முன்னால் சுண்ணாம்பு அடியில் தங்கும் வரைக்கும் கலயத்தை ஆட்டாமல் வைப்பார்கள் என்று சொன்னாள். தெளிய வைத்து இறுத்தல், வடிகட்டுதல் என்ற இரண்டு பாடச் சொற்களும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டன. சூளைப் பிள்ளை பேசவில்லை, ஆனால் சுளகைப் பார்த்ததும் இரண்டு கையாலும் புடைக்கிற மாதிரி செய்து காட்டினாள். பிகாரிலும் சுளகு சுளகுதானே. இதற்கு எனக்குச் செலவான நேரம் எட்டு நிமிஷம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வீட்டில் புடைத்தல் என்போம், பாடப் புத்தகத்தில் தூற்றுதல் என்று இருக்கும். சுளகால் தட்டித் தட்டிப் பிரிப்பது புடைத்தல், உயரத்தில் இருந்து காற்றில் சரியவிட்டுப் பிரிப்பது தூற்றுதல். இரண்டிலும் லேசானது விலகிப்போகிறது என்பதுதான் சங்கதி. வீட்டுச் சொல்லை முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம் புத்தகச் சொல்லைப் பக்கத்தில் வையுங்கள், தப்பு என்று திருத்திவிட்டால் அந்தப் பிள்ளை அதற்குமேல் பேசாது.

இப்போது விஷயத்தைக் கொண்டுசேர்ப்பது. இதில் நான் செய்த பெரிய வேலை பண்பு அட்டைகள்தான், பழைய தாள்கள் பலவற்றின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. பழைய காலண்டர் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் தடித்த மார்க்கரில் ஒரே ஒரு பண்பு, அதற்கு ஒரு படம். காந்தம் இழுக்கும். காற்றில் பறக்கும். தண்ணீரில் கரையும். அடியில் தங்கும். துணியில் நிற்கும். இந்த ஐந்தும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டு. ஒவ்வொரு சொல்லையும் நான் சொல்லும்போது பொருளைத் தூக்கிக் காட்டி, கையால் ஒரு சைகையும் செய்தேன், பிள்ளைகளும் கூடவே செய்தார்கள். ஒரே விஷயம் காது, கண், கை எல்லா வழியிலும் போகிறது. யாருக்கு எது வசதியோ அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு தப்பான புரிதல் ரொம்பப் பரவியிருக்கிறது. "இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள்" என்று பிள்ளைகளை வகை பிரித்து, வகைக்கு ஒன்றாகச் சொல்லிக் கொடுப்பதுதான் இது என்று பயிற்சிகளில்கூடச் சிலர் பேசுகிறார்கள். இல்லை. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. யுடிஎல் பிள்ளைக்கு முத்திரை குத்தாது. எல்லா வழியும் எல்லாருக்கும் திறந்திருக்கும், அதே பிள்ளை இன்றைக்குப் படத்தைப் பிடிக்கும், நாளைக்குப் பேச்சைப் பிடிக்கும்.

செய்முறைப் படிகளை ஒரு பெரிய சார்ட்டில் நாலே நாலு வரியாக, வரிக்கு ஒரு படத்தோடு எழுதி ஒட்டினேன். அதை வாயாலும் சொன்னேன், ஒரு தடவை செய்தும் காட்டினேன். போர்டில் எழுதிக்கொண்டே பேசும் பழக்கம் எனக்கு உண்டு. அதை விட்டேன், காதுக்கருவி போட்ட பையன் என் வாயசைவையும் பார்ப்பான், முதுகைக் காட்டினால் அவனுக்குப் பாதி போய்விடும். குழு வேலையின் சத்தத்தில் கருவி எல்லா இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும் என்பதால், கவனிக்கச் சொல்ல வேண்டிய நேரத்தில் கத்தாமல் ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தேன். அவனுக்காகச் செய்தது, ஆனால் இந்த வருஷம்தான் முதல் தடவையாக என் தொண்டை கட்டவில்லை.

பார்வை குறைந்த பிள்ளைக்கு நிற வேறுபாடுதான் முக்கியம், எழுத்தின் அளவு மட்டும் போதாது. அரத்தூளைக் கொட்ட எல்லாக் குழுவுக்கும் வெள்ளைத் தாள் கொடுத்தேன், உப்புத் தண்ணீரைக் காயவைக்கப் பார்சல் சாப்பாடு வரும் கறுப்பு டப்பா கொடுத்தேன். கலங்கல் பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். கலக்கிய உடனே வெளிச்சம் வராது, தெளியத் தெளிய வரும். அவளுக்கு அது தெரிந்தது, மற்றவர்களுக்கும் "தெளிந்திருக்கிறது" என்று சும்மா சொல்வதைவிட ஒப்பிட்டுச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. இதில் ஒன்று கவனம்: மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் இறங்கிவிடும், ஆற்றுக் களிமண் அப்படி இறங்காது, மணிக்கணக்கில் மிதக்கும். ஒரே பாடவேளைக்குள் தெளியும் என்று காத்திருந்து ஏமாறாமல், முந்தின நாளே ஒரு பாட்டிலை அசைக்காமல் வைத்துவிடுங்கள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து டார்ச் அடித்தால் போதும்.

சட்டிக்குக் கீழே ஈரத்துணி போட்டேன். கை நடுங்கும் பையனுக்குச் சட்டி வழுக்காமல் இருக்க. காந்தத்தை ஒரு கட்டைக் குச்சியில் கட்டி, பிடி தடிமனாகத் துணி சுற்றினேன், எல்லாக் குழுவுக்கும் அதே மாதிரி. இதைவிடப் பெரிய உதவி பிளாஸ்டிக் பை. காந்தத்தைப் பைக்குள் போட்டுக் கலவையில் இழுத்தால் அரத்தூள் பைக்கு வெளியே ஒட்டும், வெள்ளைத் தாளுக்கு மேல் கொண்டுபோய்க் காந்தத்தை மட்டும் உருவிக்கொண்டால் தூள் தானாகக் கொட்டிவிடும். நேரடியாகக் காந்தத்தில் ஒட்டவிட்டால் சுரண்டி எடுக்க நுணுக்கமான விரல் வேலை வேண்டும், அது அவனால் முடியாது, உண்மையில் எங்களில் யாராலும் முழுசாக முடியாது. பார்வை குறைந்த பிள்ளை பைக்கு மேல் விரலை வைத்து, முள் முள்ளாக நிற்கும் தூளைத் தொட்டுப் பார்த்தாள்.

உட்கார முடியாத பையனுக்குத் தனி வேலைத்தாள் போட்டேன் அல்லவா? இந்தத் தடவை தண்ணீர் எடுத்து வருவது, உமி தூற்ற வராண்டாவுக்குச் சட்டியைக் கொண்டுபோவது, டப்பாவை மதில் மேல் வெயிலில் வைப்பது என்று நடக்கிற வேலைகளைச் சுற்று முறையில் எல்லாருக்கும் வைத்தேன். அவனுக்கு மட்டும் என்றால் அதுவும் ஒரு முத்திரைதான்.

இனி பாடத்தின் நடு முடிச்சு: எது முதலில்? இதை நான் சொல்லவே இல்லை. பண்பு அட்டைகளை மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டிவிட்டுத்தான் சட்டியைத் தொட வேண்டும் என்பது மட்டும் விதி. ஒரு குழு தண்ணீரை முதலில் ஊற்ற நினைத்தது. அந்தக் குழுவில்தான் வாசிப்பில் தடுமாறும் ஒரு பையன் இருந்தான். அவன் அட்டையைப் பிடுங்கி இடம் மாற்றினான். "தண்ணிய மொதல்ல ஊத்திட்டா அரத்தூளு மணலோட அப்பிக்கிடும்லா" என்றான். அதுதான் நான் தேடிக்கொண்டிருந்த "ஏன்". உலர்ந்திருக்கும்போதே காந்தம், அப்புறம் உமி, அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மணல் இறங்கியதும் இறுத்து, துணியில் வடிகட்டி, கடைசியில் உப்புத் தண்ணீரை வெயிலில் வைப்பது. பெரும்பாலான குழுக்கள் இந்த வரிசைக்கு வந்தன.

ஒரு குழு மட்டும் உமியைத் தூற்றவில்லை. தண்ணீர் ஊற்றியபின் மேலே மிதந்த உமியைக் கரண்டியால் அள்ளிவிட்டார்கள். அதுவும் சரியான பதில்தான், "காற்றில் பறக்கும்" என்ற அட்டைக்குப் பதில் "மிதக்கும்" என்று அவர்களே ஓர் அட்டை எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அள்ளிய உமியில் கொஞ்சம் உப்புத் தண்ணீரும் போய்விடும், அது எவ்வளவு என்று யோசிக்கச் சொன்னேன். குறிக்கோளைச் சரியாக எழுதியிருந்ததால்தான் இதற்கு மதிப்பெண் போட முடிந்தது. போன வருஷத்துக் குறிக்கோளின்படி "தூற்றுதல்" வரவில்லை என்று அடித்திருப்பேன்.

வடிகட்டிய தண்ணீரை ஒரு கரண்டி மட்டும் கறுப்பு டப்பாவில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். டம்ளர் தண்ணீரையும் வைத்தால் நாள்கணக்கில் காயும், பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும். நக்கிப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அதில் பட்டறைத் தூள் கிடந்திருக்கிறது.

தெரிந்ததை வெளிக்காட்டும் கட்டத்தில்தான் நான் சறுக்கினேன். முதல் தடவை உற்சாகத்தில் ஐந்து வழி கொடுத்தேன்: எழுதலாம், வரையலாம், பேசலாம், நடித்துக் காட்டலாம், அட்டை அடுக்கலாம். எதை எடுப்பது என்று முடிவு செய்யவே கால் மணி நேரம் போனது. கடைசியில் பாதிக்கு மேல் வரைந்தார்கள். படங்கள் அழகாக இருந்தன, சட்டி, காந்தம், வெயில் எல்லாம் இருந்தது, "ஏன்" மட்டும் எதிலும் இல்லை. அதாவது வழியைத் தளர்த்தும்போது குறிக்கோளையும் சேர்த்துத் தளர்த்திவிட்டேன். தேர்வு கொடுத்த பாடம் கெட்டுப்போவதை இப்படித்தான் கண்டுபிடிக்கலாம்: பிள்ளையின் வேலையைக் கையில் எடுத்து, குறிக்கோளின் ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வழி அந்தக் குறிக்கோளுக்குப் பொருந்தவில்லை, அல்லது பொருந்தும்படி நீங்கள் அமைக்கவில்லை.

மறு தடவை வழிகளை மூன்றாகக் குறைத்தேன். அட்டைகளை அடுக்கிக் காட்டி என்னிடம் சொல்வது, அம்புக்குறி போட்ட படம், நாலு வாக்கியம் எழுதுவது. எதை எடுத்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: எதைப் பிரித்தாய், எந்தப் பண்பால், ஏன் இந்த இடத்தில். படத்தில் ஒவ்வொரு அம்புக்குறிக்கு மேலும் ஒரு பண்பு அட்டையின் சொல் இருக்க வேண்டும். எழுதுபவர்களுக்குப் போர்டில் ஒரு வாக்கியச் சட்டகம்: "______ தண்ணீரில் கரையாது, அதனால் ______." மூன்று வகைக்கும் என் கையில் ஒரே மதிப்பீட்டுத்தாள்தான். சூளைப் பிள்ளை பேசாமல் அட்டைகளை அடுக்கினாள், ஒவ்வொன்றையும் அதற்குரிய பொருளின் மேல் வைத்தாள், நான் தண்ணீர் அட்டையை வேண்டுமென்றே முன்னால் நகர்த்தியதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, விரலை நனைத்து அரத்தூளில் தொட்டு, ஒட்டிக்கொண்டதைக் காட்டினாள். அதைவிடத் தெளிவான "ஏன்" எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் அந்த ஐந்து சொல்லையும் தமிழில் சொல்லவைத்தேன்.

ஒரு சந்தேகம் எல்லா ஆசிரியருக்கும் வரும், எனக்கும் வந்தது. பரீட்சையில் எழுதத்தானே வேண்டும்? ஆமாம். அதனால் அடுத்த பாடவேளையில், அடுக்கியவர்களும் வரைந்தவர்களும் தங்கள் அடுக்கை, படத்தைப் பார்த்துக்கொண்டே அதே சட்டகத்தில் இரண்டு வாக்கியமாவது எழுதினார்கள். புரியாமல் எழுதிப் பழகுவதும், புரிந்ததை எழுத்தில் கொண்டுவருவதும் வேறு வேறு. எழுதுவதே குறிக்கோளாக உள்ள நாளில் வாயால் சொல்வதை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் முடிந்து பார்த்தால் மிச்சம் இரண்டு தனி ஏற்பாடு. பார்வை குறைந்த பிள்ளைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும், சார்ட்டின் கை அளவுப் பிரதி ஒன்றும், வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடமும் வேண்டும். கை நடுங்கும் பையனுக்கு எழுத்து வேலையில் கூடுதல் நேரமும், அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் வேண்டும். இவை குறையாது, குறைக்கவும் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமையை, "எங்கள் பாடம் எல்லாருக்கும் பொதுவானது" என்று சொல்லி யாரும் பறித்துவிட முடியாது. பிரெயிலில் படிக்கும் பிள்ளைக்குப் பிரெயில்தான் வேண்டும், சைகை மொழி பேசும் பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆள்தான் வேண்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் ஊர்க்காரர்கள் நாம், இதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஆறு தாள் தயாரிக்க மூன்று மணி நேரம் ஆனது. இந்தப் பாடத்தை முதல் தடவை அமைக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்கப் போய்விட்டது, அதாவது அதைவிடக் கூடத்தான். ஆனால் அட்டைக் கட்டும் காந்தக் குச்சியும் சார்ட்டும் பீரோவில் இருக்கின்றன, அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வந்தாலும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆறு தாள் அந்த ஆறு வகைக்குத்தான், இன்னொரு வருஷத்துக்கு உதவாது.

இதே அச்சை எடுத்து அளவீடுகள் பாடத்தில் வைக்கலாம் என்று போனேன், பொருந்தவில்லை. அங்கே அளவுகோலில் கோட்டைப் பார்த்து அளவைச் சொல்வதே குறிக்கோள், அதை இன்னொருவர் பார்த்துச் சொன்னால் பாடமே போய்விட்டது. அதனால் வழியை மாற்றாமல் அளவுகோலை மாற்றிக்கொண்டிருக்கிறோம்: சென்டிமீட்டர் கோடு ஒவ்வொன்றின் மேலும் தடித்த நூலைப் பசை போட்டு ஒட்டி, ஐந்துக்கும் பத்துக்கும் மட்டும் இரட்டை நூல். மில்லிமீட்டருக்கு என்ன செய்வது என்பதில்தான் அக்காவும் நானும் இப்போது நிற்கிறோம்.